கனவில் விழுந்த அடி

கண்ணாடிக்காரர் தம் மனைவியை முப்பத்து மூன்று ஆண்டு மணவாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் அடித்தார். அடித்தபோது அவர் தூங்கிக்கொண்டிருந்தார். முதல் வாக்கியத்தை நம்ப எத்தனையோ பேர் இருந்தார்கள். இரண்டாவதை நம்பத்தான் ஆள் கிடைக்கவில்லை.

அப்போது அவருக்கு ஐம்பத்தெட்டு வயது. கடைத்தெருவில், மருந்துக்கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே, பதினோரடி அகலத்தில் ஜன்னல் கண்ணாடியும் முகம் பார்க்கும் கண்ணாடியும் வெட்டிக் கொடுக்கும் கடை அவருடையது. கூட்டாளி, மனைவியின் தம்பி. பத்தொன்பது ஆண்டுகளாக இருவரும் ஒரே மேசையின் இரு பக்கமும் நின்று வேலை செய்தார்கள். அளவு எடுப்பதும் வெட்டுவதும் கண்ணாடிக்காரர். சட்டத்தில் பொருத்தி, ஓரத்தைப் பட்டிப் பசையால் அடைப்பது மச்சான். வேலை இப்படிப் பிரிந்திருந்ததே தவிர, வாய் முழுக்க மச்சானிடம்தான் இருந்தது.

கண்ணாடிக்காரருக்குக் கோபம் வராது. தப்பான அளவைக் கொண்டுவந்துவிட்டு, வெட்டிய பிறகு சண்டைக்கு நிற்கும் வாடிக்கையாளரைக்கூட அவர் ஒரு சொல் சொன்னதில்லை. மிஞ்சிப்போனால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

"அத்தான் கோபப்பட்டுக் கோபப்பட்டு அவர் கண்ணாடிதான் தேயுது. எதிராளிக்கு ஒரு கீறல்கூட விழல" என்பார் மச்சான்.

இப்படிப்பட்ட மனிதர், ஐம்பத்தாறாவது வயதில், தூக்கத்தில் பேச ஆரம்பித்தார். முதலில் முணுமுணுப்பு. நாலைந்து மாதத்தில் அது கூச்சலாக வளர்ந்தது. அடுத்த குளிர்காலத்துக்குள் காலும் சேர்ந்துகொண்டது. விடியற்காலை மூன்றரை மணிக்கு மேல்தான் எல்லாம் நடக்கும். எழுந்து நடக்க மாட்டார், கண்ணைத் திறக்க மாட்டார். படுத்த இடத்திலேயே உதைப்பார், குத்துவார், எவனையோ மிரட்டுவார். மனைவி தள்ளி நின்று இரண்டு முறை கூப்பிட்டால் போதும், சட்டென்று விழித்துவிடுவார். விழித்த அந்தக் கணமே புத்தி தெளிவாக இருக்கும். கண்ட கனவை ஒன்று விடாமல் சொல்லுவார்.

காலையில் தேநீரோடு அவள் கேட்பாள்: "நேத்து யாரோட குஸ்தி?"

"நாய். மூணு நாய். உன்னச் சுத்தி நின்னுச்சு."

"ஜெயிச்சது யாரு?"

"அதுக்குள்ளதான் நீ எழுப்பிட்டியே."

இருவரும் சிரித்துக்கொள்வார்கள். கட்டிலின் நடுவில் ஒரு நீளத் தலையணை வந்தது. பக்கத்து மேசையில் இருந்த கண்ணாடி விளக்கு அலமாரிக்குப் போனது. ஒரு கிழிந்த போர்வையைப் பற்றிச் சொல்வதுபோலத்தான் அவர்கள் அதைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். வெளியே ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. பகலில் ஒரு கெட்ட வார்த்தை பேசாத மனிதர் ராத்திரியில் என்னென்ன பேசுகிறார் என்பதை எப்படி வெளியே சொல்வது என்று அவள் நினைத்தாள்.

மார்ச் மாதம் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, விடியற்காலை நாலு மணி இருபது நிமிடம். கனவில் அவர் ஒரு வீட்டில் ஜன்னல் பொருத்திக்கொண்டிருந்தார். சட்டம் மாட்டியாகிவிட்டது, கண்ணாடி இன்னும் வரவில்லை. அந்த வெற்றுச் சட்டத்தின் வழியாக மழைக்கோட்டு போட்ட ஒருவன் உள்ளே இறங்கினான். நேரே அவர் மனைவியிடம் போய் அவள் தலைமுடியைப் பிடித்தான். "விடுடா அவள!" என்று கத்திக்கொண்டே அவர் தம் பலம் அத்தனையையும் திரட்டி அவன் முகத்தில் ஒரு குத்துவிட்டார்.

அலறல் கேட்டு விழித்தார். மழைக்கோட்டுக்காரன் இல்லை. கையைத் தலைக்கு வைத்து அவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவள், இரண்டு கைகளாலும் இடது கன்னத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். கன்ன எலும்பில் மயிரிழை அளவுக்கு விரிசல். எப்படி ஆயிற்று என்று பணியில் இருந்த மருத்துவர் கேட்டபோது, வீங்கிய வாயோடு அவள் முந்திக்கொண்டாள்: "குளியலறையில வழுக்கி விழுந்துட்டேன்."

கணவர் தலைகுனிந்து நின்றதை அவளால் பார்க்கச் சகிக்கவில்லை. அதனால் சொன்னாள். அவள் சொன்னதை அரைகுறையாக விட அவருக்கு மனம் வரவில்லை. அதனால் அவரும் சேர்த்தார்: "சோப்புத் தண்ணி. தரையெல்லாம் சோப்புத் தண்ணி."

அவர்களுடைய ஒரே மகளுக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. விபத்து என்று வருகிற கோரிக்கைகளில் எது மெய், எது பொய் என்று பார்த்துச் சொல்வதுதான் பன்னிரண்டு ஆண்டுகளாக அவள் செய்வது. தாய்மாமன் அவளுக்கு வைத்திருந்த பெயர் 'இன்ஸ்பெக்டர்'. வழுக்கி விழுகிறவர்களுக்கு மணிக்கட்டு உடையும், இடுப்பு உடையும், பின்மண்டையில் அடிபடும் என்பது அவளுக்கு மனப்பாடம். கண்ணுக்குக் கீழே இரண்டு அங்குலத்தில் மட்டும் அடிபட்டு, கையில் ஒரு சிராய்ப்புகூட இல்லாமல் யாரும் விழுவதில்லை. அப்படி விழுந்ததாகச் சொல்லும் பெண்களையும் அவளுக்குத் தெரியும்.

செய்தி கேட்டு ஓடிவந்து, மருத்துவரிடம் அவர்கள் சொன்னதைப் பின்னால் நின்று கேட்டவள், நடைவழியில் அப்பாவை நிறுத்தினாள். அவருடைய வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். விரல் முட்டி இரண்டு சிவந்திருந்தது.

"எத்தனை வருஷமா நடக்குது?"

"தூக்கத்துலம்மா. கனவுல..."

"இப்பதானே சோப்புத் தண்ணின்னீங்க?"

முதலில் சொன்ன பொய் வழியை மறித்துக்கொண்டு நின்றது. அதைத் தாண்டி வந்த உண்மை, இரண்டாவது பொய் போலவே இருந்தது.

மகள் அன்றே அம்மாவைத் தன் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போனாள். அம்மா மறுப்பாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் மறுக்கவில்லை. வண்டியில் ஏறும்போது, வீங்காத கண்ணால் அவரைப் பார்த்து ஒன்று கேட்டாள்.

"என்னங்க... உள்ளுக்குள்ள என்மேல ஏதாவது இருக்கா?"

இதுதான் அவரை விழவைத்தது. மகள் சந்தேகப்பட்டதை அவர் பொறுத்துக்கொண்டிருப்பார், மகளுக்குத் தெரியாது. பக்கத்தில் படுத்து, "விடுடா அவள" என்ற சொல்லைக் காதால் கேட்டவளுக்கே சந்தேகம். முப்பத்து மூன்று ஆண்டு துடைத்துத் துடைத்து வைத்த கோபமெல்லாம் ராத்திரியில் வெளியே வருகிறதோ என்று அவள் நினைத்திருக்கிறாள். அப்படி இல்லை என்று அவரால் சத்தியம் பண்ண முடியவில்லை. தூங்குகிறவனைப் பற்றித் தூங்குகிறவனுக்கு என்ன தெரியும்?

வீடு காலியாயிற்று. காலையில் பழக்க தோஷத்தில் இரண்டு பேருக்குத் தண்ணீர் கொதிக்க வைப்பார். அடுத்த முறையாவது ஒருவருக்கு வைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இரண்டாவது கோப்பையையும் தாமே குடிப்பார். "நேத்து யாரோட குஸ்தி?" என்று கேட்க ஆள் இல்லாததால், சண்டை நடந்ததா என்றே அவருக்குத் தெரியவில்லை. போர்வை தரையில் கிடந்தால் நடந்திருக்கிறது என்று கொள்வார்.

கடையில் மச்சான் வாயை மூடிக்கொண்டார். பத்தொன்பது ஆண்டுகள் ஓயாத வாய். இப்போது அதிலிருந்து அளவு மட்டும்தான் வந்தது.

"நாலடி, ரெண்டே முக்கால்."

"கனம் நாலு எம்.எம்மா, அஞ்சா?"

"அஞ்சு."

அவ்வளவுதான். மதியச் சாப்பாட்டை மச்சான் தையல் கடையில் போய்ச் சாப்பிட்டார். அக்கா கன்னத்தில் விழுந்த அடியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று கண்ணாடிக்காரருக்கு இருந்தது.

ஐந்தாவது வாரம் ஒரு நாள், கண்ணாடி கீறும் கட்டரின் சக்கரத்தை, வழக்கமாக மண்ணெண்ணெய் இருக்கும் பக்கத்துப் பாட்டிலில் தொட்டு இழுத்தார். கீறல் சரியாக விழவில்லை. பிசிறு பிசிறாக வந்தது. மறுபடி தொட்டு இழுத்தார். எதிரே நின்ற மச்சானால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை.

"அத்தான். அது தண்ணி."

"எது?"

"நீங்க முக்குறது. எண்ணெய் பாட்டில் இந்தப் பக்கம் இருக்கு. மோந்து பாத்தா தெரியாதா?"

கண்ணாடிக்காரர் இரண்டு பாட்டிலையும் மோந்து பார்த்தார். இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. சளி பிடித்திருக்கிறது என்றார். சளி இல்லை என்பது அவருக்கே தெரியும்.

அந்த வாரமே சுவரைக் குத்தி வலது சுண்டுவிரலை உடைத்துக்கொண்டார். இந்த முறை கனவில் திருடன். கட்டுப் போட்ட தெருமுனை மருத்துவர், வயதானவர், எப்படி ஆயிற்று என்று கேட்டார். கண்ணாடிக்காரருக்கு ஒரு பொய் நாக்கு நுனியில் வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு உள்ளதைச் சொன்னார். மருத்துவர் கட்டுப் போடுவதை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"இதுக்குப் பேர் இருக்குங்க. வியாதிதான் இது."

அந்த ஒரு வார்த்தைக்காகக் கண்ணாடிக்காரர் அவர் காலில் விழுந்திருப்பார். சிபாரிசுக் கடிதத்தை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நேரே பெரிய மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுக்குப் போனார்.

அங்கே மருத்துவர் ஒரு பெண்மணி. நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார். கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வேகமாகத் தட்டச் சொன்னார். கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். மன அழுத்தத்துக்கு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று கேட்டார்; சில மாத்திரைகளாலும் இப்படி வருமாம். கண்ணாடிக்காரர் இல்லை என்றார்.

"ராத்திரி நீங்க செய்யறத வீட்ல பாத்தவங்க யாரு?"

"பாத்தவங்க போயிட்டாங்க."

"அடடா. எப்ப இறந்தாங்க?"

"ஐயோ, இல்லீங்க. மக வீட்டுக்குப் போயிட்டாங்க."

மருத்துவருக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். பக்கத்தில் படுப்பவர்தான் இந்த நோய்க்கு முதல் சாட்சி என்றார். சாட்சி இல்லாவிட்டால் கருவி பார்த்துச் சொல்லட்டும் என்று, ஒரு ராத்திரி பரிசோதனை அறையில் படுக்கச் சொன்னார். தேதி கிடைக்க மூன்று வாரமாயிற்று.

மே மாதம் பதினேழாம் தேதி இரவு ஒன்பது மணிக்கு அங்கே போனார். நல்ல மெத்தை, மூலையில் ஒரு காமிரா. டெக்னீஷியன் ஒவ்வொரு வயராக ஒட்டினார். மண்டையில் ஆறு, கண்ணோரம் இரண்டு, தாடையில் மூன்று, முன்கைகளில், கெண்டைக்கால்களுக்கு முன்புறத்தில். மார்பிலும் வயிற்றிலும் பட்டை.

"எல்லாரும் மூளைக்குப் போற வயர்தான் பெருசுன்னு நினைப்பாங்க சார். எனக்கு இந்தத் தாடை வயர்தான் முக்கியம். கனவு காணுறப்ப மனுஷனுக்குத் தாடை துணி மாதிரி தொங்கிரும். கை காலும் அப்படித்தான். கண்ணும் மூச்சும்தான் வேலை செய்யும். உங்களுக்கு என்ன ஆகுதுன்னு இது சொல்லிரும்."

"தம்பி, ஒண்ணு கேக்கவா? இன்னைக்குன்னு பாத்து நான் நல்ல பிள்ளையா தூங்கிட்டா?"

"தூங்குங்க சார். அதுக்குத்தானே வந்தீங்க?"

கண்ணாடிக்காரர் சிரிக்கவில்லை. வாழ்க்கையில் முதல் முறையாக, யாரையாவது அடிக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு படுத்தார்.

விடியற்காலை ஐந்தே முக்காலுக்கு வயர்களைப் பிரிக்கும்போது டெக்னீஷியன் சொன்னார்: "சண்டைன்னா சண்டை சார், அப்படி ஒரு சண்டை. நாலு பன்னெண்டுக்கு ஒண்ணு, அஞ்சு அஞ்சுக்கு ஒண்ணு. வீடியோவுல சுத்தமா விழுந்திருக்கு."

"என்ன சொன்னேன்?"

"'விடுடா அவள'ன்னீங்க. பக்கத்து ரூம் பேஷன்ட் எழுந்து உக்காந்துட்டாரு."

கண்ணாடிக்காரர் தலை முழுக்கப் பசையோடு, பல் தெரியச் சிரித்தார்.

முடிவைச் சொல்ல மருத்துவர் பத்து நாள் கழித்து அழைத்தார். கனவு வரும் தூக்கத்தில் உடலைப் பூட்டி வைக்கும் ஒரு ஏற்பாடு மூளைத்தண்டில் இருக்கிறது. அவருக்கு அந்தப் பூட்டுப் பிடிப்பதில்லை, அதனால் கனவில் செய்வதைக் கையும் காலும் நிஜமாகச் செய்துவிடுகின்றன என்றார். மூச்சடைப்பு இல்லை, வலிப்பு இல்லை. சந்தேகத்துக்கே இடமில்லை.

"அப்ப, மனசுல இருக்கிற கோபம் இல்லீங்களா?"

"இல்ல. பகல்ல ரொம்பச் சாதுவா இருக்கிறவங்கதான் இங்க அதிகம் வராங்க. கனவு பெரும்பாலும் ஒரே மாதிரி, யாரோ தாக்க வராங்க, இவங்க காப்பாத்துறாங்க. உங்க மனைவிகிட்ட இத நானே சொல்றேன், கூட்டிட்டு வாங்க."

கண்ணாடிக்காரருக்கு எழுந்து ஓட வேண்டும்போல இருந்தது. மருத்துவர் உட்காரச் சொன்னார். ஒரு அட்டைக் கட்டை நீட்டி, ஒவ்வொன்றையும் சுரண்டி மோந்து, என்ன வாசனை என்று சொல்லச் சொன்னார். பன்னிரண்டு அட்டையில் நான்கைத்தான் சரியாகச் சொன்னார். அந்த நான்கும் குத்துமதிப்பு.

"ஒண்ணு சொல்லணும். சில பேர் தெரிஞ்சுக்க விரும்புவாங்க, சில பேர் வேண்டாம்பாங்க. உங்களுக்கு எப்படி?"

"அளவு தெரியாம நான் எதையும் வெட்டுறதில்லீங்க."

மருத்துவர் நிதானமாகச் சொன்னார். அந்தப் பூட்டு காரணமில்லாமல் கெடுவதில்லை. அதைக் கெடுக்கும் அதே சங்கதி மெல்ல மூளையின் மற்ற பகுதிகளுக்கும் போகலாம். போனால், பார்க்கின்சன் நோய் வரும். அல்லது அதன் உறவுக்கார நோய்களில் ஒன்று, சிலருக்கு நினைவையும் குழப்புவது. இப்படித் தூங்குகிறவர்கள் நூறு பேரில் ஆண்டுக்கு ஆறு பேருக்கு வருகிறது. பத்துப் பன்னிரண்டு ஆண்டில் முக்கால்வாசிப் பேருக்கு. வாசனை போனது அந்தப் பக்கம் கைகாட்டுகிறது. இன்று கை கால் நன்றாக இருக்கிறது. என்றைக்கு என்று யாராலும் சொல்ல முடியாது. வராமலும் போகலாம். தடுக்க மருந்து இன்னும் இல்லை. ராத்திரிச் சண்டையைக் குறைக்க மாத்திரை உண்டு. நடப்பது, உடற்பயிற்சி செய்வது நல்லது. ஆண்டுக்கு ஒரு முறை வந்து காட்ட வேண்டும்.

அறிக்கை இரண்டு பக்கம். முதல் பக்கத்தில் பரிசோதனையும் நோயின் பெயரும். இரண்டாவது பக்கத்தில் மேலே சொன்னது அத்தனையும்.

பேருந்தில் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் படித்துக்கொண்டு வந்தார். முதல் பக்கம் அவரை விடுதலை செய்தது. அதைக் காட்டினால் மனைவி வீட்டுக்கு வருவாள். இரண்டாவதையும் காட்டினாலும் வருவாள். ஆனால் அவள் வருவது நோயாளியைப் பார்த்துக்கொள்ள. இன்னும் வராத வியாதிக்காக, அன்றைக்கே அவள் அவருக்குத் தாதியாகிவிடுவாள். அவருக்குத் தேவை "யாரோட குஸ்தி?" என்று கேட்பவள்.

மறுநாள், முதல் பக்கத்தை மட்டும் உறையில் போட்டு மச்சானிடம் கொடுத்தார்.

"இத இன்ஸ்பெக்டர்கிட்ட குடுத்துரு."

மச்சான் உறையைப் பிரித்து அங்கேயே படித்தார். படித்துவிட்டுக் காகிதத்தை மறுபடி உறைக்குள் வைத்தார்.

"அத்தான்... நான் கேட்டிருக்கணும்."

"போய்க் குடு முதல்ல."

மகள் மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குக் கடைக்கு வந்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறாள் என்று மச்சான் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. காகிதத்தை மேசைமேல் வைத்து, கீழ் ஓரத்தில் விரலை வைத்தாள். 'பக்கம் 1 / 2' என்று அச்சடித்திருந்தது.

"ரெண்டாவது எங்கப்பா?"

"அது மாத்திரை, மருந்து... உனக்குத் தேவையில்லாதது."

"கோப்புல ஒரு பக்கம் குறைஞ்சா விஷயமே அந்தப் பக்கத்துலதான் இருக்கும். பன்னெண்டு வருஷமா பாக்கிறேன். அதுல என்ன எழுதியிருக்கு? குடிச்சிருந்தாருன்னா? வேணும்னே செஞ்சிருக்கலாம்னா?"

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"சோப்புத் தண்ணின்னு சொன்னப்பவும் இதே முகம்தான் வெச்சிருந்தீங்க."

மச்சான் குறுக்கே வந்தார். "அத்தான், என்ன எழவோ, குடுத்துத் தொலைங்களேன்! நல்லா முடியப்போற சமயத்துல..."

கண்ணாடிக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி துடைத்தார். கொடுக்காவிட்டால் முதல் பக்கமும் செல்லாது. அவர் அடித்தவராகவே இருப்பார். கொடுத்தால் அடிக்காதவராவார், கூடவே வேறொருவராகவும் ஆகிவிடுவார். சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த காகிதத்தை எடுத்து நீட்டினார்.

அவள் நின்றபடியே படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் திரும்பிக்கொண்டாள். சுவரோரம் சாய்த்து வைத்திருந்த மூன்று கண்ணாடிகளிலும் அவள் முகம் தெரிந்தது. அவர் பார்வையைத் தாழ்த்திக்கொண்டார்.

"சோப்புத் தண்ணின்னு ஏம்ப்பா சொன்னீங்க?"

"அம்மா ஆரம்பிச்சுட்டா. பாதியில விட முடியல."

"அம்மாவுக்கு இது தெரியுமா?"

"தெரியக் கூடாதுன்னுதானே..."

"தெரிஞ்சாகணும்" என்றாள் மகள். அவள் குரல் உடைந்திருந்தது. ஆனாலும் அது இன்ஸ்பெக்டர் குரல்தான். காகிதத்தைப் பையில் வைத்துக்கொண்டாள். போகும்போது அவருடைய வலது கையைப் பிடித்து, கட்டுப் போட்ட சுண்டுவிரலை மட்டும் தொடாமல், சற்று நேரம் வைத்திருந்தாள்.

மனைவி அன்று மாலையே வந்துவிட்டாள். பையை நடுக்கூடத்தில் வைத்தவள், வந்ததும் வராததுமாகச் சண்டையை ஆரம்பித்தாள். கன்னத்தில் விழுந்த அடிக்காக அல்ல.

"குளியலறைன்னு நான் ஒரு பொய் சொன்னேன். அது பட்ட பாடு போதாதா? நீங்க வேற ஒரு பக்கத்த ஒளிச்சு வெக்கணுமா?"

"உனக்கு வேலை வெக்க வேண்டாம்னு பாத்தேன்."

"என்ன வேலை? முப்பத்து மூணு வருஷமா இங்க நான் விருந்தாளியாவா இருந்தேன்?"

அவளே அழுது, அவளே முகம் கழுவி, தேநீர் வைத்தாள். இரண்டு கோப்பை. குடித்து முடித்த பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அன்னைக்கு வண்டியில ஏறும்போது கேட்டேனே, அத மறந்துருங்க."

"மறந்துட்டேன்" என்றார். அவர் அதை மறக்கவே இல்லை.

மருத்துவர் சொன்னபடி படுக்கையைப் பிரித்தார்கள். அவருக்குத் தரையில் மெத்தை, சுற்றிலும் ஒன்றும் இல்லாத வெற்று அறை. அவளுக்கு அடுத்த அறையில் கட்டில். மாத்திரை வேலை செய்தது. வாரத்துக்கு ஐந்தாக இருந்த சண்டை ஒன்றாகக் குறைந்தது. வீட்டில் ஆள் இருந்தது, கடையில் பேச்சு இருந்தது. ஆனால் அந்த நாளிலிருந்து எல்லார் கண்ணும் அவர் கைமேல்தான். கோப்பையை எடுத்தால் மனைவி பார்ப்பாள். கட்டரை இழுத்தால் மச்சான் பேச்சை நிறுத்துவார். ஞாயிற்றுக்கிழமை வரும் மகள், அவர் நடந்து போய்க் கதவைத் திறப்பதை மட்டும் பின்னாலிருந்து பார்ப்பாள். யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். எல்லாரும் தம்மைவிட்டுவிட்டு, வரப்போகும் வேறு யாரையோ வாசலில் நின்று எதிர்பார்த்துக்கொண்டிருப்பதாக அவருக்குத் தோன்றும். அவரும் தனியாக இருக்கும்போது கையை நீட்டிப் பார்த்துக்கொள்வார்.

அந்த ஆள் ஆறு ஆண்டும் இரண்டு மாதமும் கழித்து வந்தான். முதலில் நடக்கும்போது இடது கை வீசவில்லை. அதை மகள்தான் கண்டுபிடித்தாள்; இரண்டு வாரம் சொல்லாமல் வைத்திருந்தாள். அளவுச் சீட்டில் அவர் எழுத்து வரவரச் சிறுத்து, மச்சானால் படிக்க முடியாமல் போயிற்று. ஆண்டுச் சந்திப்பில் மருத்துவர் விரலைத் தட்டச் சொன்னார். ஏழாவது ஆண்டாக அதே தட்டல்தான். இந்த முறை இடது கை பாதியில் தளர்ந்தது. பார்க்கின்சன் என்று மருத்துவர் சொல்வதற்கு முன்பே அவர் தலையாட்டிவிட்டார். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அது ஓரளவு கேட்டது.

கட்டரை மச்சான் எடுத்துக்கொண்டார். கண்ணாடிக்காரர் இப்போது கடையில் உட்கார்ந்திருப்பார். வாடிக்கையாளர் வந்தால் அளவு கேட்பார்.

"கொஞ்சம் சத்தமா சொல்லுங்க பெரியவரே, கேக்கல" என்பார்கள்.

சத்தமாகத்தான் சொல்வதாக அவருக்குத் தோன்றும். வெளியே வருவது கிசுகிசுப்பாக இருக்கும். "அத்தான் அளவ ரகசியமா கேக்குறாரு, காதக் குடுங்க" என்று மச்சான் இடையில் புகுந்து சமாளிப்பார்.

நவம்பர் மாதம் ஒரு காலை, சட்டைப் பொத்தானை அவர் ஒவ்வொன்றாகப் போராடிப் போட்டுக்கொண்டிருந்தபோது, மனைவி தேநீரோடு வந்து எதிரே உட்கார்ந்தாள். உதவிக்குக் கை நீட்டவில்லை. நீட்டக் கூடாது என்று இருவருக்கும் ஓர் ஒப்பந்தம்.

"நேத்து ராத்திரி நல்லா பேசினீங்க."

"சண்டையா?"

"இல்ல. கடையில எவனோ தப்பான அளவு கொண்டாந்துட்டான் போல. அவன உட்கார வெச்சு, எப்படி அளக்கணும்னு சொல்லிக் குடுத்தீங்க. கையும் சும்மா இல்ல. அந்தக் காலத்துல மாதிரி, சர்சர்னு வீசிக்கிட்டு."

"சத்தம் கேட்டுச்சா?"

"கணீர்னு. பழைய குரல்."

மருத்துவரிடம் இதைக் கேட்டிருந்தார்கள். இந்த நோய் வந்தவர்கள் சிலருக்குக் கனவு நேரத்தில் மட்டும் குரலும் கையும் விடுபட்டுவிடும். பகலில் அவர்களைத் தாமதப்படுத்தும் அந்தத் தடை அங்கே குறுக்கே வருவதில்லை என்று சொல்லியிருந்தார்.

"எழுப்பியிருக்கலாமே" என்றார், கடைசிப் பொத்தானுக்கு வந்து.

அவள் தேநீரை ஆற்றிக்கொண்டே இருந்தாள். "கதவத் திறந்து நின்னு கேட்டுக்கிட்டிருந்தேன். ஒரு பத்து நிமிஷம் இருக்கும். எழுப்ப மனசு வரல."

அவர் என்னவோ சொன்னார். அவளுக்குக் கேட்கவில்லை. குனிந்து காதைக் கொண்டுவந்தாள்.

"ஒண்ணுமில்ல" என்றார்.

அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள். கண்ணாடிக்காரர் அறைவாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அவள் அங்கேதான் நின்றிருக்க வேண்டும், வெறுங்காலோடு, குளிரில், அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு. அப்படி அவள் ஆசையோடு கேட்ட மனிதனை அவர் ஒருபோதும் சந்திக்கப் போவதில்லை. அவன் பேசும்போதெல்லாம் அவர் தூக்கத்தில் இருப்பார்.